தாமதமாக எடுத்த வெற்றிலைத் தட்டு

போடிநாயக்கனூர்,
கார்த்திகை மாதம், 1956.

அன்பு மகன் சுருளிவேலுக்கு அம்மா எழுதுவது. நீ பம்பாயில் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்க சுருளியாண்டவன் துணை. இங்கே நான் சுகம், உங்கப்பாவும் சுகம். இரண்டாவது சுகத்தை வழக்கத்துக்காக எழுதவில்லை அப்பு, நிஜமாகவே எழுதுகிறேன். கோபத்தில் ஆடியிலிருந்து ஒரு வரிகூட எழுதாமல் இருக்கிறாயே, இதைப் படித்துவிட்டு அந்தக் கோபத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்று நீயே முடிவு செய்துகொள்.

வைகாசியில் ராசிங்காபுரத்திலிருந்து உன் சந்திரவல்லியின் தாய்மாமன் காசிமாயன் வெற்றிலைத் தட்டோடு வந்ததும், உங்கப்பா தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததும் உனக்குத் தெரியும். மாப்பிள்ளையின் அப்பன் தட்டை எடுக்கவில்லை என்றால் சம்மதமில்லை என்றுதானே நம் பக்கத்தில் அர்த்தம், அவர்களும் அரை நாழிகை பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகு உங்கப்பா நிமிர்ந்து, "எங்க போறாக, காப்பி குடிக்கலையா"ன்னு கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவருக்குக் காப்பியே கொடுக்கவில்லை. வேண்டாத பெண் என்று மனசில் வைத்துக்கொண்டு நடிக்கிறார் என்றே நானும் நினைத்தேன்.

ஆனால் அவர் எல்லாவற்றிலும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தார். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்து ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து, மூட்டைக் கணக்கை விரல் மடக்காமல் சொன்ன மனுஷன், குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டால் மோர் ஊற்றும்போது பதில் சொல்வார். சித்திரை வெயிலில் தோட்டத்துக் கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொண்டு கால் சில்லிடுகிறது என்பார், மலைக்குளிர் உள்ளே இறங்கிவிட்டது என்று நானும் தவிட்டு ஒத்தடம் கொடுத்தேன். கொல்லைக்குப் போனால் பஸ்சு மதுரைக்குப் போய்த் திரும்புகிற நேரம் ஆகும், வெளியே வரும்போது முகத்தில் தோற்றுப்போன களை. விளக்கெண்ணெய், கடுக்காய், மலைவாழை எல்லாம் பார்த்தாகிவிட்டது. சாப்பாடு குறைந்தது, உடம்பு மட்டும் ஊதியது. குரல் கட்டை, தோல் சொரசொரப்பு, கண்ணுக்குக் கீழே வீக்கம், புருவத்தின் ஓர மயிர்கூட உதிர்ந்துவிட்டது. வேலையை விட்டவனுக்கு வேறென்ன சோலி, தூங்கித் தூங்கி வீங்கிவிட்டார் என்றேன். பாவி, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆவணியில் வயிறு கல்லாகிவிட, நம்ம ஊர் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் வயிற்றைப் பார்த்ததோடு விடாமல், உங்கப்பாவை நாற்காலியில் மண்டியிடச் சொல்லிக் குதிகால் நரம்பில் ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் திரும்பி இறங்கும்போது மட்டும் யோசித்து யோசித்து இறங்கியது. உங்கப்பாவைப் போலவே பாதமும் என்றேன், டாக்டர் சிரிக்கவில்லை. நாடியும் மெதுவாக இருக்கிறது என்று மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே வெறும் வயிற்றில் படுக்கவைத்து, மூக்கைக் கவ்வியால் மூடி, வாயில் குழாய் வைத்து, எவ்வளவு காற்றைச் செலவழிக்கிறார் என்று அளந்தார்கள். இருக்கவேண்டியதைவிட ரொம்பக் குறைவாம். ரத்தத்தில் கொழுப்பு ஏகத்துக்கும் இருக்கிறதாம். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி, அதன் சாறுதான் உடம்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும் என்று சொல்கிறதாம். அது சோர்ந்துபோனால் சூடு, குடல், நெஞ்சு, புத்தி எல்லாம் ஒரேயடியாக மந்தப்படுமாம். "இது வயசும் இல்ல, பிடிவாதமும் இல்லம்மா" என்றார் அங்குள்ள டாக்டர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஆட்டின் அதே சுரப்பியைக் காயவைத்துப் பொடித்த மாத்திரைதான் மருந்து. உங்கப்பா நெடுநேரம் யோசித்து, "தலக்கறி திங்கயில இது எங்க போச்சு"ன்னு கேட்டார். இதற்குள் காசிமாயன் பெண்ணுக்குத் தேவாரம் ஊரில் வேறு மாப்பிள்ளை பார்க்கிறார் என்று காதில் விழுந்தது. வெரசா குணமாகட்டும், இரண்டிரண்டாகக் கொடுக்கட்டுமா என்றேன். டாக்டர் கடிந்துகொண்டார். இவ்வளவு நாள் மெதுவாக ஓடிய நெஞ்சைத் திடீரென்று விரட்டினால் நெஞ்சுவலி வந்து ஆளே போய்விடுவாராம். அரை மாத்திரையில் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன்.

முதலில் திறந்தது கொல்லைப்புறக் கதவுதான், அன்றைக்கு வீட்டில் பாயசம். பிறகு முகவீக்கம் வடிந்தது, காலுறை பெட்டிக்குள் போனது. ஐப்பசி கடைசியில் ஒருநாள் உப்புக் குறைவு என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார், அதற்கும் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கே, "ராசிங்காபுரத்துத் தட்ட எடுக்கத்தான் நெனச்சேன் மொக்கம்மா, என் கை போறதுக்குள்ள தூக்கிட்டாக"ன்னார். இத்தனை மாசமும் அது அவர் நெஞ்சுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அவரே தட்டில் வெற்றிலை பாக்கு வாங்கிவைத்து என்னையும் கூட்டிக்கொண்டு ராசிங்காபுரம் போனார். தேவாரத்துப் பேச்சு இன்னும் முடியவில்லை. நோய் விவரத்தை நான்தான் சொன்னேன், காசிமாயன் நம்பினாரோ என்னவோ, தட்டைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டார். உங்கப்பா நிதானமாக, "நல்லா யோசிங்க மாமா, நான் எடுத்துக்கிட்ட நேரத்த நீங்களும் எடுத்துக்கிருங்க, எனக்கு மதுர பஸ்சு போய்த் திரும்புற வரைக்கும் உக்காந்து பழக்கம்"ன்னார். காசிமாயன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே உங்கப்பா கையைப் பிடித்துப் பார்த்து, "அன்னைக்கி கையப் பிடிக்கயில பச்சத்தண்ணியாட்டம் இருந்துச்சு, இப்பச் சுடுதே"ன்னு சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டார்.

தையில் முகூர்த்தம், இப்போதே லீவு எழுதிப்போடு. மாத்திரையை ஆயுசுக்கும் விடக்கூடாதாம், தேறிவிட்டேன் என்று உங்கப்பா நிறுத்தப் பார்ப்பார், வந்ததும் நீ ஒரு வார்த்தை கண்டித்துச் சொல். நீயும் சந்திரவல்லியும் நிறைந்து வாழ எங்கள் ஆசீர்வாதம். பதிலை வெரசா போடு அப்பு, இந்த வீட்டில் தாமதத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர் ஒருத்தர் போதும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா,
மொக்கம்மாள்.