காரணம் சொல்லாத பிரசங்கம்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். உன் குரலைக் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. நான் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது, அதையே உன் கட்டைவிரல் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பாவுக்கு முழங்கால் தேவலை. பேருந்துப் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷர் இப்போது வீட்டில் சுற்றுகிற எல்லாவற்றையும் கழற்றுகிறார். திரும்ப மாட்டும்போது ஒரு திருகாணி மிஞ்சுகிறது, கேட்டால் அது ஆரம்பத்திலிருந்தே வேண்டாத திருகாணி என்கிறார்.

நம் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறாளே, உன் பள்ளிச் சீருடைக்கெல்லாம் கால்சட்டை நீளம் இறக்கிக் கொடுத்தவள், அவள் புருஷன் போய்விட்டான். சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிற வேலை. கூரை வரைக்கும் மூட்டைகளை அடுக்கி வைக்கிற இரும்புச் சட்டத் தட்டுகள் சரிந்து அவன்மேலும் இன்னொருவன்மேலும் விழுந்துவிட்டன, மற்றவன் அடிபட்டுப் பிழைத்துக்கொண்டான். அடித்தூண் துருப்பிடித்துச் சாய்ந்திருந்தது அங்கே எல்லாருக்கும் தெரியுமாம். நடந்தது ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் ஆராதனையில் இருந்த நேரம். அவன் கூடுதல் வேலைக்குப் போயிருந்தான். அடக்கம் முடிந்து இரண்டு நாள் ஆகவில்லை, நம் சபையிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள், கோயிலுக்கு வந்திருந்தால் உயிரோடு இருந்திருப்பான் என்று. முதலில் சொன்னது ஆர்கன் வாசிக்கிற அம்மா. கெட்ட மனுஷி இல்லை, பயந்த மனுஷி. ஒரு காரணம் கிடைத்துவிட்டால் தன் வீட்டுக்கு அது வராது என்று ஒரு நிம்மதி.

அதற்கடுத்த வாரம் சபையின் வேதபாட அட்டவணைப்படி நான் பிரசங்கிக்கவேண்டிய பகுதி எது தெரியுமா? கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை இயேசு பேசுகிற இடம். வேறு பகுதி எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் ஊர் முழுக்க அந்தக் கேள்வியைத்தான் தவறாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் பக்கத்தைத் திருப்பினால் அந்தப் பேச்சுக்கு ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். முதல் பாதி எனக்குத் துணை. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்கிறார். அடுத்த வரிதான் சிக்கல். மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே அழிவீர்கள் என்கிறார். புருஷனைப் புதைத்துப் பத்து நாள் ஆன ஒருத்தி காதில் இதை எப்படி வாசிப்பது? அந்த வரியை விட்டுவிட்டு வாசித்தால் அது வேதத்தை என் வசதிக்கு வெட்டுவது. வாசித்துவிட்டு விளக்காமல் விட்டால் அது அவளை அறைவது.

நாலு நாள் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த இடத்தில் செத்தவர்களின் வீட்டார் யாரும் இல்லை. இழவு வீட்டைப் பார்த்து அவர் அதைச் சொல்லவே இல்லை. வேறொரு சாவுச் செய்தி கொண்டுவந்து நின்றவர்களையும் கூட்டத்தையும் பார்த்துத்தான் சொல்கிறார். செத்தவர்கள் கணக்கை விடுங்கள், உங்கள் கணக்கைப் பாருங்கள் என்கிறார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் ஏன் சொல்லவேண்டும்? அடுத்து வருகிற, கனி கொடாத அத்திமரத்தை வெட்டாமல் இன்னும் ஒரு வருஷம் விட்டுவைக்கிற கதையையும், வெட்டப்பட்ட மரம் தையல்காரி புருஷன்தான் என்று யாரும் முடிச்சுப் போட்டுவிடாதபடி, இன்னும் ஒரு வருஷம் கிடைத்திருப்பது உயிரோடு இருக்கிற நமக்கு என்று தெளிவாகச் சொல்வதாக முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை தையல்காரியைப் பார்க்கப் போனேன். மேடையில் வைத்து அவள் முதல்முறையாகக் கேட்கக்கூடாது இல்லையா. இந்தப் பகுதிதான், இன்னின்னதுதான் பேசப்போகிறேன், நீ வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை, உன் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம் என்றால் பேசமாட்டேன் என்றேன். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே, "அவர் பேரைச் சொல்லுங்க பாஸ்டரம்மா, நல்லா சிரிப்பாருன்னு சொல்லுங்க. இதுலயும் ஒரு நன்மை இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நான் எழுந்து போயிடுவேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ரேடியோவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும், "ஒவ்வொரு பத்திக்கும் ஒரு ‘ஆனாலும்’ வருது. ஆனாலும் கர்த்தர் நல்லவர், ஆனாலும் நம்பிக்கை உண்டு. அழறவங்களை அழவிடாம ஏன் ஓடுற?" என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பேனாவால் ஒவ்வொன்றாக அடித்தேன். அடிக்க அடிக்க, தம்பி, நம் சின்னவளை அடக்கம் செய்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான்தானே பேசினேன். தேவனுடைய திட்டத்தில் தவறே இல்லை, இது நம்மைப் பக்குவப்படுத்த வந்தது என்றேன். நீ முன்வரிசையில் உட்கார்ந்து உன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் தங்கை சாவு உனக்குப் பாடம் என்று உன் அம்மாவே சொன்னால் நீ எங்கே போவாய்? தூர தேசத்துக்குத்தான் போனாய்.

ஞாயிறு வந்தது. தையல்காரி கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தாள், எழுந்து போக வசதியாக. முழுப் பகுதியையும் வாசித்தேன். அவன் பேரைச் சொன்னேன், சிரிப்பைச் சொன்னேன். துருப்பிடித்த தூணை மாற்றாதது மனுஷர் தவறு, அதைக் கடவுள் சித்தம் என்று சொல்லி யாரும் தப்பிக்கவேண்டாம் என்றேன். மனந்திரும்பவேண்டியவர்கள் அவனுக்குக் குற்றம் கண்டுபிடித்த நாம்தான் என்றேன். நானும் ஒருமுறை ஓர் அடக்கத்தில் எனக்குத் தெரியாததைத் தெரிந்தவள்போலப் பேசி என் சொந்தப் பிள்ளையைக் காயப்படுத்தியிருக்கிறேன் என்று ஒரே வரியில் சொல்லி நிறுத்திக்கொண்டேன், அது தையல்காரியின் நாள், என்னுடையது இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, நண்பனின் கல்லறைமுன் இயேசுவே அழுதார் என்பது தெரியும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வழக்கமான வெற்றிப் பாட்டு வேண்டாமென்று, கடைசிவரை விடியாமல் இருளிலேயே முடிகிற எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசிக்கவைத்தேன். அவள் எழுந்து போகவில்லை.

எல்லாருக்கும் பிடித்தது என்று நினைக்காதே. சபைச் செயலாளர் வாசலில் நிறுத்தி, "ஜனங்களைப் பதில் இல்லாம வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே" என்றார். ஆமாம் ஐயா என்றேன். ஆர்கன் அம்மா திங்களன்று தையல் கடைக்குப் போய், அந்தப் பேச்சைத் தொடங்கியது தான்தான் என்று தன் வாயால் ஒத்துக்கொண்டாளாம். தையல்காரி மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, ஒரு சட்டையையும் பொத்தான் டப்பாவையும் அவள் பக்கம் தள்ளியிருக்கிறாள். போன ஞாயிறு தையல்காரி கோயிலுக்கு வரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது, ராசா. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் மத்தியானம் சின்னவள் என்னிடம், "எனக்கு ஏம்மா இப்படி?" என்று கேட்டாள். நான் ஜெபம் பண்ணு கண்ணு என்று சொல்லி அவள் பேச்சை மூடிவிட்டேன். பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் தெரியலடி என்று சொல்லி அவளோடு சேர்ந்து அழுதிருக்கலாம். அவளிடம் இனி முடியாது. நீ இருக்கிறாய். என்மேல் உள்ள கோபத்தையும் அவள்மேல் உள்ள ஏக்கத்தையும் எப்போது தோன்றுகிறதோ அப்போது கொட்டு. நான் கேட்கிறேன்.

குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கண்ணாடி மாற்றவேண்டும் என்றாயே, தள்ளிப்போடாதே. கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், உன்னைத் தனியாக விடாதிருக்கட்டும். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குமேல் நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உன்னைப் பார்க்க ஏங்கும்,
அம்மா