ஆறு பேர் மீதான மனு

மார்ச் 4

கூட்டணிக் கட்சி கழன்றுகொண்டதால் நம்பிக்கை வாக்கெடுப்பு. எதிர்க்கட்சியின் பத்தொன்பது பேரில் ஆறு பேர், கொறடா உத்தரவை மீறி எங்கள் பக்கம் வாக்களித்தார்கள். 32-27. ஆட்சி பிழைத்தது. ஆறில் ஒருவர் என் சம்பந்தி, மகளின் மாமனார். சபாநாயகரான எனக்கு வாக்கு சமமானால்தான் ஓட்டு. சமமாகவில்லை, நல்லவேளை.

மார்ச் 21

மீறியவர்களை மன்னிக்கக் கட்சிக்குப் பதினைந்து நாள் உண்டு. மன்னிக்கவில்லை. ஆறு பேரையும் தகுதி நீக்கச் சொல்லி மனு வந்தது. நான்காம் இணைப்பில் மனுதாரர் கையெழுத்து இல்லை. விதிப்படி தள்ளினேன். எங்கள் கட்சித் தலைவர் போனில், "அம்மா, பிரமாதம்!" என்று குளிர்ந்துபோனார்.

மார்ச் 23

எல்லா இணைப்பிலும் கையெழுத்தோடு புது மனு. பதில் சொல்ல ஆறு பேருக்கும் ஏழு நாள் நோட்டீஸ் அனுப்பினேன். தலைவர் சூடாகிவிட்டார். இரண்டு நாளும் விதியைத்தான் பார்த்தேன். அவர் பார்த்தது வேறு.

ஏப்ரல் 2

தலைவர் நேரிலேயே வந்தார். "சட்டத்துல கெடு எதுவும் இல்லையே. பேசாம உங்க மேசையிலயே தூங்கட்டும்."

கெடு இல்லைதான். ஆனால் மூன்று மாதத்துக்குமேல் இழுத்தால் நீதிமன்றம் காதைப் பிடித்துத் திருகும். அதற்குப் பயந்தா முடிவெடுக்கிறேன்? இல்லை. நடுவராக உட்கார வைத்துவிட்டு, விசிலையும் பிடுங்கிக்கொள்வதா? "தூங்க வைக்க இது என்ன தொட்டிலா?" என்று கேட்டேன். தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார்.

ஏப்ரல் 18

விசாரணை. முதலிலேயே சொன்னேன்: "ஆறாவது எதிர்மனுதாரர் எனக்குச் சம்பந்தி. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லுங்கள்." இரு தரப்பு வழக்கறிஞர்களும் இல்லை என்றார்கள். எழுதி வாங்கிக்கொண்டேன்.

"நாங்க ஆளுங்கட்சியோட இணைஞ்சுட்டோம்" என்பது முதல் வாதம். இணைப்பு என்றால் சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பத்தொன்பதுக்குப் பதின்மூன்று. ஆறை எப்படிப் பெருக்குவது? அடுத்து, கொறடா உத்தரவு கைக்கே வரவில்லையாம். கொறடா அலுவலகத்தின் பட்டுவாடாப் புத்தகம் வந்தது. ஆறு பேரின் கையெழுத்தும் இருந்தது. சம்பந்தி தன் பெயருக்குக் கீழே தேதியும் நேரமும் போட்டு, வழக்கம்போல இரண்டு கோடும் இழுத்திருந்தார். திருமணப் பத்திரிகைப் பட்டியலிலும் அப்படித்தான் இழுத்தார். மனுஷனின் ஒழுங்கே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

பாவமாக இருந்தது. அதற்காக?

மே 6

மகள் போன் செய்தாள். "அம்மா, மாமா பதவி போனா நான் இந்த வீட்ல எப்படி முகம் காட்டுவேன்?" வைத்துவிட்டாள். அழுதேன். பெத்தவளா நான்? அழுகை நின்றதும் சாட்சியங்களைத் திரும்ப ஒருமுறை படித்தேன். மாறவில்லை.

மே 13

வாதங்கள் முடிந்தன. வெள்ளிக்கிழமை தீர்ப்பு என்று சொல்லியிருந்தேன். மாலை பேரவைச் செயலர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மேடம், உங்களை நீக்கணும்னு உங்க கட்சி ஆளுங்களே நோட்டீஸ் எழுதிட்டு இருக்காங்க. நாளைக்கு மதியம் தராங்க."

அடப்பாவிகளா! நீக்கல் நோட்டீஸ் நிலுவையில் இருக்கும்போது சபாநாயகர் தகுதி நீக்க மனுவைத் தொடக் கூடாது. என் கையைக் கட்டத்தான் இந்த வேலை.

"உத்தரவு தட்டச்சு ஆயிட்டதா?"

"ஆயிட்டது மேடம்."

"காலை பத்து மணிக்கு இரு தரப்பையும் வரச் சொல்லுங்க."

மே 14

10.20க்குக் கையெழுத்திட்டேன். ஆறு இடங்கள் காலி. சம்பந்தி எழுந்து வணங்கிவிட்டுப் போனார், முகம் பார்க்கவில்லை. 12.40க்கு நோட்டீஸ் வந்தது. நானே ரசீது கொடுத்தேன்.

ஜூன் 2

மறுபடி நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆட்சி போய்விட்டது, 26-27. என்னை நீக்கும் தீர்மானத்துக்கு இப்போதுள்ள ஐம்பத்துநாலில் இருபத்தெட்டு வேண்டும். கட்சிக்காரர்கள் இருபத்தாறு பேர்தான் எழுந்தார்கள். எதிரணி எழவே இல்லை. எங்கள் பக்கம் முறைக்கிறது. முறைக்கட்டும்.

ஆகஸ்ட் 11

உத்தரவு செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மகள் இன்னும் பேசவில்லை.

நவம்பர் 7

இடைத்தேர்தலில் ஜெயித்தவர்களுக்கு இன்று பதவிப் பிரமாணம். நீக்கப்பட்டவர் மறுபடி நிற்கத் தடையில்லை. சம்பந்தி எங்கள் கட்சிச் சின்னத்திலேயே நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். உறுதிமொழி எடுத்து, பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கோடு இழுத்துவிட்டு என்னிடம் கைகொடுக்க வந்தார்.

"சம்பந்தியம்மா, இப்ப என்னைத் தள்ள முடியாதுல்ல?"

"ஜனங்க இந்தக் கட்சின்னு தெரிஞ்சே அனுப்பியிருக்காங்க. நான் யாரு தள்றதுக்கு?"

சிரித்துவிட்டார். மேலே பார்வையாளர் மாடத்திலிருந்து யாரோ கைதட்டும் சத்தம். அங்கே கைதட்டக் கூடாது. மைக்கில் அதட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது, இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள் என் மகள்.