அன்றைக்குப் பெண் டாக்டர்கள் குறைவு

அன்பு மகனுக்கு,

நீ சொல்லத் தயங்கியதை நீ பழகிவந்த அந்த நர்ஸ் பெண்ணிடம் நானே சொல்லிவிட்டேன். வேறு வார்டுக்கு மாற்றல் கேட்கப் போகிறாளாம். நீ நிம்மதியாக உன்னோடு படித்த டாக்டர் பெண்ணைக் கட்டிக்கொள்.

வீட்டுக்கு வரவழைத்து, காபி கொடுத்துத்தான் பேசினேன். இரண்டு டாக்டர் சம்பளம் சேர்ந்தால்தான் இந்தத் தெருவில் வீடு வாங்க முடியும், இங்கே வீடு இருந்தால்தான் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று விளக்கினேன்.

“டாக்டருங்க டாக்டரையே கட்டிக்கிட்டா, எங்க வீட்டுப் பிள்ளைங்க எப்பம்மா மேல வர்றது?” என்றாள்.

என் தம்பிகள் உன் அப்பா சம்பளத்தில்தான் படித்தார்கள். அதை அவளிடம் சொல்லவில்லை.

“நீங்களும் நர்ஸ்தானேம்மா? டாக்டர் சார் உங்களைக் கட்டிக்கலையா?”

“அப்ப அவர் வகுப்புல மூணே பொண்ணுங்க. இப்ப பாதிக்குப் பாதி பொண்ணுங்கதான். கூடவே படிக்குறாங்க, சமமா சம்பாதிக்குறாங்க. இனிமே வார்டுல எவன் பொண்ணு தேடுவான்?”

அழுதுகொண்டே போனாள்.

உன் அப்பா பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்து, “சரியாத்தான் சொன்னே. இப்ப படிச்சிருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்,” என்றார். பிறகு செய்தித்தாளைப் பிரித்தார்.

உன் வருங்கால மாமியாரும் டாக்டராமே. நான் என்ன வேலை பார்த்தேன் என்று கல்யாணத்தன்று அவர் கேட்டால் என்ன சொல்வது? யோசித்து எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா