ஜெபராணியும் அற்புதராஜும் நூல் சுற்றிய மத்தியானம்

ஆரணி, 1889 ஆகஸ்டு

ரங்கூனில் இருக்கும் என் அருமை மகன் பவுல்துரைக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம், கடல் தாண்டி நீயும் சுகமென்று நம்பி எழுதுகிறேன். அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. தங்கச்சி ஜெபராணிக்குப் பார்த்த பையன் அற்புதராஜ் வந்தவாசிப் பள்ளியில் வாத்தியார், தாது வருஷப் பஞ்சத்தில் அநாதையாகி மிஷனில் வளர்ந்தவன். இருவருக்கும் ஒத்துவருமா என்று பேசிப் பார்க்கட்டும் என்றேன், போன மாதம் அப்பா விருந்து வைத்தார். எதிரெதிரே உட்கார்ந்து எல்லோரும் முகத்தையே பார்த்தால் கூச்சக்காரர்கள் எப்படி வாய் திறப்பார்கள், அவனோ சோற்றைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்துவிட்டான். இவள் அழுதாள். கோயிலுக்குச் சேர்ந்து நடக்க அனுப்பலாம் என்றார் அப்பா, தெரு முழுக்கப் பார்க்குமே என்று நான் தடுத்தேன்.

இந்த முறை பின்கட்டில் பாய் போட்டு, வளையமாய்க் கட்டிய பட்டு நூல் சிட்டத்தை மாட்டும் சட்டத்தை ஒளித்துவிட்டு, இரண்டு கையிலும் மாட்டிப் பிடிக்க ஆள் வேண்டுமென்று அவனைக் கூப்பிட்டேன். அவன் பிடிக்க இவள் சுற்றினாள். கண் நூல்மேல் இருக்கும், பேச்சு நின்றாலும் கை நிற்காது, பிடிக்காவிட்டால் ஒரு சிட்டத்தோடு எழுந்துவிடலாம், அதுதான் என் கணக்கு. நான் அடுப்படியில் காதுக்கு எட்டும் தூரத்தில் இருந்தேன். முதலில் "கொஞ்சம் தளத்துங்க", "இந்தப் பக்கம் சிக்கிகினு இருக்குது" என்பதுதான். சிக்கை எடுக்க இருவரும் குனிந்தபோது அவன், "எங்கம்மா கூப்டற சத்தம் நெனவு இருக்குது, அவங்க பேரு மட்டும் மறந்துபோச்சுங்க" என்றான். எனக்குக் கரண்டி கையோடு நின்றுவிட்டது. இவள் நூலைச் சுற்றிக்கொண்டே, "எங்க தம்பி ஏசுதாசும் அந்த வருஷம்தான் போனான். அவன் பேர வூட்ல யாரும் சொல்றதில்ல. கஞ்சி கேட்டுகினே தூங்கிட்டான்" என்றாள்.

பவுல்துரை, பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் ஒலிக்காத பேர் அது, சுவர்களுக்குள்ளிருந்து கேட்டது மாதிரி இருந்தது. பாயில் இருந்தவர்கள் இரண்டு பேர், எனக்கோ நாலு பேர் உட்கார்ந்திருப்பதாகவே பட்டது. அவன், "என்ன வயசு அவனுக்கு, சிரிப்பானா?" என்று கேட்டான். இவள் சொல்லச் சொல்ல இன்னொரு சிட்டத்தை அவனே எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டான். இருட்டும் வரை இருந்தான். போகும்போது என்னிடம், "நாளைக்கும் வரலாமாம்மா?" என்றான். ஜெபராணியைக் கேட்டேன், "வரச் சொல்லும்மா, அவர்கிட்ட பயப்படாம பேச முடியுது" என்றாள். கார்த்திகைக்கு முன் கல்யாணம் வைக்கலாமென்று அப்பா சொல்கிறார்.

நீ அங்கே ஒண்டியாய் இருந்து மனசைப் பூட்டிவைக்காதே, கூட வேலை செய்பவர்களிடம் நாலு வார்த்தை பேசு. மழையில் நனையாதே, கல்யாணத்துக்கு லீவு கேட்க மறக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஜெபத்தில் இப்போது உன் தம்பியின் பேரையும் சேர்த்துச் சொல்கிறோம், அப்பாதான் முதலில் சொன்னார், பாதியில் குரல் உடைந்தது, மீதியை நான் சொன்னேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும் அம்மா
ரோசம்மாள்