தலைகீழாகத் திருப்பிய ஐந்து கார்டுகள்

ஜூலை 9, புதன்

கன்னியப்பனுக்குக் கான்பூரில் வேலை வந்திருக்கிறது. தோல் தரம் பிரிக்கும் சூப்பர்வைசர். இருபதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டான். "நல்ல வேலைதானே" என்றேன். என் வாயில் கொள்ளிக்கட்டையைத்தான் வைக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் எங்கள் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, எனக்கு வேறொருவனோடு நடந்த நிச்சயதார்த்தம் முறிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. "நானே ஒருநாள் கேக்கறேன். அதுவரைக்கும் நீ கேக்காத" என்று சொல்லிவிட்டேன். அதோடு சரி, அவன் வாயே திறக்கவில்லை.

ஞாயிறு வேலூர் கோட்டைக்குப் போகிறோம். அங்கே கேட்டுவிட வேண்டும்.

ஜூலை 12, சனி

சுந்தரி எங்கள் ஷூ கம்பெனியில் டிசைன் செய்கிறாள். பெங்களூரில் படித்தபோது டேரட் கார்டு போட்டுக் குறி பார்க்கக் கற்றுக்கொண்டாளாம். சாயங்காலம் அவள் அறைக்குப் போனேன். "ஒத்துக்குவானான்னு கேக்காத. நான் கேக்கறதுக்கு முன்னாடி இன்னா தெரிஞ்சுக்கணும்னு கேளு" என்றாள்.

அதையே நினைத்துக்கொண்டு கார்டுக் கட்டைக் கலைத்தேன். இடது கையால் மூன்றாகப் பிரித்து, மறுபடி ஒன்றாக அடுக்கினேன். மேலிருந்து ஐந்து கார்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். என் மனம் தயாரா, அவன் மனம் தயாரா, தடை என்ன, அறிவுரை என்ன, முடிவு எந்தப் பக்கம் போகிறது என்று ஐந்து இடங்கள். அதற்குள் அவளுக்குப் போன் வந்தது. என்னையே திருப்பச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள்.

திரும்பி வந்தவள் முகம் சுருங்கியது. "அஞ்சும் தலைகீழாவா?"

எனக்கு ஸ்ட்ரெங்த், சிங்கத்தைத் தடவும் பெண். தலைகீழானால் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. அவனுக்கு நைட் ஆஃப் பென்டகிள்ஸ், காசை ஏந்திய குதிரை வீரன். தலைகீழில் தேக்கம், நகர மாட்டான். தடைக்கு நிலா. மறைத்தது வெளியே வரும். அறிவுரைக்குக் கிண்ணம் ஏந்தி வரும் வீரன், அதுதான் பெண் கேட்கிற கார்டாம். தலைகீழென்றால், இப்போது கேட்காதே. முடிவு நான்கு கழிகளில் கட்டிய மாலை. கல்யாணப் பந்தல் மாதிரி. அதுவும் தள்ளிப்போகிறது.

சுந்தரி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். "இது விதி இல்லடி, இப்ப இருக்கற நெலம அவ்ளோதான்" என்றாள். எனக்குக் காதில் ஏறவில்லை. எதை மறைக்கிறான்?

ஜூலை 13, ஞாயிறு

கேட்கவில்லை. அகழி ஓரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஷூ ஒட்டும் பசையைப் பற்றிப் பேசினேன். பசை! அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 15, செவ்வாய்

அவன் கான்பூருக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்று கம்பெனி லைனில் வழக்கம்போல் ஷூ தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்பக்கம் பார்த்து, முனையைப் பிடித்து முன்பின்னாகப் புரட்டி, அடியைப் பார்ப்பது. ஒரு நாளைக்கு நானூறு ஜோடி. பதினொரு மணி இருக்கும், கை அப்படியே நின்றுவிட்டது. கார்டையும் இப்படித்தானே புரட்டினேன்?

சாப்பாட்டு நேரத்தில் சுந்தரியிடம் டிபன் மூடியை வைத்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ! புஸ்தகத்துல பக்கம் திருப்பற மாதிரி சைடால திருப்பணும்டி! மேல கீழ புரட்டினா நேரா இருக்கறது தலைகீழாப் பூடும். நான் கார்டை எப்பவும் நேராவே அடுக்கி வெச்சிருப்பேன், அதான் அஞ்சும் தலைகீழாச்சு!"

"மறுபடி போடலாமா?"

"அதே கேள்விக்கு அதுக்குள்ள போடக் கூடாது. கார்டு மாறல. நீ பார்த்ததுதான் மாறிச்சு."

போட்டோவைத் திறந்து, போனை அவளே தலைகீழாகப் பிடித்தாள். என் கார்டு: மெதுவான தைரியம். அவன் கார்டு: நிதானம், சொன்ன சொல் மாறாதவன். நிலா: இல்லாததை எல்லாம் கற்பனை செய்து பயப்படுவது. தடை நான்தான். அறிவுரை: கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போ, போய்க் கேள். முடிவு: கல்யாணப் பந்தலேதான்.

நல்லதாகத் தெரிந்ததும் நம்புகிறேனே, இது மட்டும் சரியா? தெரியவில்லை. ஆனால் சனிக்கிழமை "கேட்காதே" என்றதும் அழுகை வந்தது. தயாராக இல்லாதவளுக்கு ஏன் அழுகை வர வேண்டும்? அதை அன்றே பார்த்திருக்கலாம். கார்டே தேவைப்பட்டிருக்காது.

ஜூலை 18, வெள்ளி

கேட்டுவிட்டேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில், இரண்டு பஸ் ஹாரனுக்கு நடுவில். இரண்டாவது தடவை கத்திக் கேட்க வேண்டியதாயிற்று. பூக்காரம்மா திரும்பிப் பார்த்தார். வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

கல்யாணச் சேதி கேட்டு அவன் அம்மா கொடுத்த கேசரி டப்பா என் மேசைமேல் இருக்கிறது. கான்பூருக்கு "வரவில்லை" என்று வியாழக்கிழமையே எழுதிவிட்டானாம். நான் கேட்பதற்கு முந்தின நாள். "நான் கேக்கலன்னா இன்னா பண்ணியிருப்ப?" என்றேன். என் போனை வாங்கி, நான் சொல்லியிருந்த அந்தக் கார்டு போட்டோவைப் பார்த்தான். நேராக வைத்து, தலைகீழாக்கி, மறுபடி நேராக வைத்து.

அவனுடைய கார்டைக் காட்டினான். மற்ற வீரர்களின் குதிரை எல்லாம் நடக்குமாம், ஓடுமாம், சுந்தரி சொல்லியிருக்கிறாள். இந்தக் குதிரைக்கு மட்டும் நான்கு காலும் தரையில்.

"எப்படித் திருப்பிப் பார்த்தாலும், எழிலு, இது நின்னுனுதான் இருக்குது."