சாச்சிக்கு மட்டும் எழுதிய ஊடு

என்ட கிளி அப்னா, அஸ்ஸலாமு அலைக்கும். குவைத்தில் நான் சுகம். நீயும் மருமகனும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

நான் உழைத்துக் கட்டித்தந்த வீட்டின் அழைப்பிதழ் போனில் வந்தது. "எமது இல்லத்தின் புதுமனை புகுவிழாவிற்குக் குடும்ப சகிதம் வருகை தருக." ஊருக்கு அனுப்பிய இதே அச்சுத்தான் எனக்கும். உன் வாப்பாவும் மௌத்தான பிறகு குடும்பத்துக்கு நான் எங்கே போக?

உன்னை வளர்த்த என் தங்கச்சி சுபைறாவுக்கு மட்டும் அடியில் கையால் எழுதியிருக்கிறாய்: "எங்கட ஊட்டுக்குள்ள முதல்ல நீங்கதான் கால் வைக்கணும், சாச்சி." அவள் அதைப் படம் பிடித்து அனுப்பி, "பாத்தீங்களா ராத்தா!" என்று சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

வாப்பா உடுத்த சாரன் ஒன்றைக் கழுவாமல் அனுப்பு, அவர் வாசம் இருக்கட்டும். நான் வேலை செய்யும் வீட்டு மேடம் கூப்பிடுகிறாள்.

நான் திரும்பி வந்தால் எதற்குள் வருவேன் மகள், இல்லத்துக்குள்ளா, ஊட்டுக்குள்ளா?

உம்மா