கரடிக்கு ஒரு தொப்பி

மார்ச் 3
முதல் புத்தக வேலை. குழந்தைகளுக்கான கதை, எட்டுப் படங்கள். கதாசிரியரைப் பதிப்பகப் படிக்கட்டில் ஒரே ஒருமுறை பார்த்தது, பேசியதில்லை. மற்றதெல்லாம் வாட்ஸ்அப்.
இன்று கரடியை அனுப்பினேன். பதில்: “நல்லாத்தான் இருக்கு.”
இந்தத் ‘தான்’ எந்தத் ‘தான்’? சட்டென்று சொன்னால் பாராட்டு. இழுத்துச் சொன்னால் ஏதோ இருக்கு என்று அர்த்தம். எழுத்தில் இழுவை தெரிவதில்லை.
இழுத்ததாகவே எடுத்துக்கொண்டேன். குத்தலாகவே எழுதினேன்: “ஒரு தொப்பியும் கண்ணாடியும் மாட்டிடலாமா சார்? எல்லாக் குறையும் தீந்துடும்.”
“சரிங்க.”

மார்ச் 4
சரிங்க?

மார்ச் 5
கதையைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். கரடிக்குக் கிட்டப்பார்வை. நான்காம் பக்கத்தில் தொப்பி காற்றில் போகிறது. கீழே, “உங்க யோசனைக்கு நன்றி.”
பதிலடி. சந்தேகமே இல்லை. ரசித்தேன்கூட. “அடேயப்பா. விருதே குடுக்கலாம் சார்” என்று அனுப்பினேன். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை, விளையாட்டு என்று புரிவதற்காக.
இரண்டு நீலக் கோடுகள். பதில் இல்லை.

மார்ச் 7
பதிப்பக அம்மா ஃபோன் செய்தார்.
“கதையைத் திரும்ப வாங்கிக்கிறாராம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். அந்த மனுஷனை என்னம்மா சொன்னே?”
“பாராட்டினேன் மேடம்.”
“அப்படியா பாராட்டுவாங்க?”
கதை இல்லையென்றால் படமும் இல்லை. முதல் புத்தகம், அவ்வளவுதான்.

அதே நாள்
அக்காவிடம் ஃபோனை நீட்டினேன். செய்தி வாசிப்பவள் போல எல்லாவற்றையும் ஒரே குரலில் படித்தாள். அந்தக் குரலில் தொப்பி நிஜமாகவே நல்ல யோசனையாக இருந்தது. விருது அசிங்கமாக இருந்தது. பொம்மை, அடித்துவிட்டுப் பல்லைக் காட்டுவது போல.
“உனக்கு மட்டும் நான் சொல்றது எப்பவும் புரியுதே?”
“நீ பொறந்ததுலேர்ந்து கேக்கறேன்டி. நீ எழுதறப்ப உன் குரல் உனக்குள்ள கேக்குது. அந்த ஆளுக்கு உன் குரல் எப்படி இருக்கும்னே தெரியாது.”
எனக்கும் அவர் குரல் தெரியாதே. நானே ஒன்று போட்டுக்கொண்டேன். கோபக் குரலாக.

மார்ச் 8
அவரையே அழைத்தேன். மெல்லிய குரல், கொஞ்சம் திக்கல்.
“கரடி நெஜமாவே பிடிச்சுதும்மா. அதான் அப்படி எழுதினேன்.”
“தொப்பி கேலிக்குச் சொன்னது சார்.”
“கேலியா?” என்றார். “கதையிலேயே நான் உருப்படியா எழுதினது அந்தத் தொப்பிப் பக்கம் ஒண்ணுதான்.”
“அந்தப் பக்கம் நெஜமாவே நல்லா இருந்தது சார். படிச்சுச் சிரிச்சேன். நீங்க என்னைக் கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சுட்டேன்.”
“எனக்குக் கிண்டலே வராது” என்றார். வருத்தமாகச் சொன்னதுபோல் இருந்தது.
கதை இருக்கட்டும் என்று பதிப்பகத்தில் சொல்லிவிடுகிறாராம். நேற்றிலிருந்து இப்போதுதான் ஒழுங்காக மூச்சு விடுகிறேன்.

மே 20
அடுத்த கதைக்கும் படம் போடுவேனா என்று கேட்டு எழுதியிருந்தார். “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்று தட்டினேன்.
உடனே ஃபோன் அடித்தது.
“இது யோசனையாம்மா, மறுப்பா?”
“யோசனைதான் சார்.”
“சரி” என்று வைத்துவிட்டார்.